ஃபிளீஸ் மேலாடை துவைக்கும்போது ஏன் நார் கொட்டுகிறது: வடிவமைப்பாளருக்கான வழிகாட்டி

பாலியஸ்டர் துணி துவைத்த தண்ணீரை மெல்லிய வடிதாளில் வடித்து, தாளை உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். துணியின் நிறத்திலேயே குட்டிக் குட்டி இழைத்துண்டுகள் கிடக்கும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தடிமன் 10 முதல் 20 மைக்ரான் வரை. 2016-ல் பிளைமவுத் பல்கலைக்கழகத்தின் இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என்று கணக்கிட்டார்கள். அதே எடை பாலியஸ்டருக்கு அவர்கள் சொன்னது 5 லட்சத்துக்குச் சற்றுக் கீழே.

இந்த லட்சக் கணக்குகள் மிரட்டும், ஆனால் வடிவமைப்பு வேலைக்கு அவ்வளவாக உதவாது. 15 மைக்ரான் தடிமனும் ஒரு மில்லிமீட்டர் நீளமும் உள்ள பாலியஸ்டர் இழையின் எடை ஏறக்குறைய 0.24 மைக்ரோகிராம். அப்படியானால் 100 மில்லிகிராம் கழிவில் 4 லட்சம் இழைகள் இருக்கும். அதே கழிவில் சராசரி நீளம் மூன்றில் ஒரு பங்குதான் என்றால் எண்ணிக்கை 12 லட்சமாகிவிடும். துணி ஒன்றுதான், எடையும் ஒன்றுதான், எண்ணிக்கை மட்டும் மூன்று மடங்கு. ஆகவே இரண்டு துணிகளை ஒப்பிடும்போது ‘ஒரு கிலோ துணிக்கு எத்தனை மில்லிகிராம்’ என்று கேட்டுப் பழகுங்கள். இத்தாலியில் ஃபிரான்செஸ்கா தெ ஃபால்கோ குழுவினர் 2019-ல் வீட்டுச் சலவை இயந்திரத்தில் பாலியஸ்டர் ஆடைகளைத் துவைத்து அளந்தபோது, கிலோவுக்கு 124 முதல் 308 மில்லிகிராம் வரை வந்தது. கையில் உள்ள துணி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க இந்த வீச்சு போதும்.

இனி ஒரே ஓர் ஆடையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பாலியஸ்டர் ஃபிளீஸ் மேலாடை, துணி 250 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 250 கிராம், ஓர் ஆடைக்கு 1.5 சதுர மீட்டர் துணி, எடை 375 கிராம். நார் கொட்டும் காரணங்கள் எல்லாமே இதில் ஒன்றாக இருப்பதால் கற்றுக்கொள்ள வசதியான ஆடை.

முதலில்: நுனிகளைத் தேடுங்கள்

இழை நடுவில் முறிந்து வருவது உண்டு, ஆனால் பெரும்பங்கு நார் வருவது ஏற்கெனவே தளர்ந்து நிற்கும் நுனிகளிலிருந்துதான். துணி நீரில் நனைந்து, இயந்திரத்தின் உருளைக்குள் விழுந்து எழுந்து, தன் மேலேயே உரசும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி இழுபடுகிறது. பிடிமானம் குறைவான இழை முழுதாக உருவிக்கொண்டு வரும். பிடிமானம் உள்ளது மடங்கி மடங்கி ஓர் இடத்தில் அறும். ஆகவே துணியைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இதில் இழை நுனிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது.

ஃபிளீஸில் நுனிகள் மூன்று வழிகளில் உண்டாகின்றன. நூல் குட்டை இழைகளைச் சேர்த்து முறுக்கிய ஸ்டேபிள் நூலாக இருந்தால், ஒவ்வோர் இழைக்கும் இரண்டு நுனி என்று நூலுக்குள்ளேயே அவை நிறைந்திருக்கும். நூல் முடிவில்லாத ஃபிலமென்டாக இருந்தால் நூலில் நுனியே கிடையாது. ஆனால் ஃபிளீஸுக்கு அந்தப் பஞ்சு முகம் கொடுக்கவேண்டி, பின்னிய கண்ணிகளைக் கம்பி உருளைகளால் கீறி அறுத்து, பிறகு உயரம் சமமாகக் கத்தரிக்கிறார்கள். இரண்டு வேலைகளும் நுனிகளை உண்டாக்கும் வேலைகள்தான். மூன்றாவது வழி, நாம் துணியை வெட்டும் ஓரங்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கத்தரித்த தூள் எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடுவதில்லை. ஒரு பங்கு பஞ்சுக்குள் சிக்கியபடியே கடைக்கும் வீட்டுக்கும் போகிறது. முதல் துவைப்பில் அதிகமாகவும் அடுத்த நான்கைந்து துவைப்புகளில் படிப்படியாகக் குறைந்தும் நார் வருவதற்கு இது முக்கியக் காரணம். பிறகு அளவு ஓரிடத்தில் நிலைத்து நிற்கும், பூஜ்யத்துக்குப் போகாது.

நூலும் பின்னலும்

இந்தப் பகுதி சுருக்கமானது. ஃபிலமென்ட் நூல் கிடைக்கும் இடத்தில் ஸ்டேபிள் நூல் வேண்டாம். ஸ்டேபிள்தான் வேண்டும் என்றால் நீளமான இழை, கூடுதல் முறுக்கு, மயிர் குறைந்த நூல் என்று கேளுங்கள். ஒரே நூலில் கண்ணியை இறுக்கிப் பின்னினால் இழைகளுக்குப் பிடிமானம் கூடும். தளர்ந்த பின்னலில் குறையும். மிக நுண்ணிய ஃபிலமென்ட்கள் தொடுவதற்குப் பட்டாக இருக்கும், ஆனால் அதே எடை துணியில் இழைகளின் எண்ணிக்கை கூடுகிறது, ஒவ்வொன்றும் மெலிந்ததால் எளிதில் அறுகிறது.

மறுசுழற்சிப் பாலியஸ்டர் கூடுதலாகக் கொட்டுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. அந்த வார்த்தையை வைத்து முடிவெடுக்காமல் நூலின் வகையையும், கீறல், கத்தரிப்பு போன்ற முகப்பு வேலையையும் பார்ப்பதே நல்லது. பருத்திக்கு மாறினால் தீர்ந்தது என்பதும் சரியல்ல: பருத்தியும் கொட்டும், சில சோதனைகளில் பாலியஸ்டரைவிட அதிகமாகவே கொட்டியிருக்கிறது. அது மக்கும் என்பதுதான் வேறுபாடு.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது ‘பில்லிங்’ மதிப்பெண்ணில். துணி உரசி உருண்டை கட்டுகிறதா என்று பார்க்கும் சோதனையில் 4 அல்லது 5 வாங்கிய துணி நார் கொட்டாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் பில்லிங் வராத பாலியஸ்டர் ஸ்டேபிள் இழைகளில் ஒரு வகை, வேண்டுமென்றே வலிமை குறைத்துச் செய்யப்படுவது. உருண்டை கட்டியதும் அதைத் துணியோடு பிடித்து வைத்திருக்கும் இழைகள் சீக்கிரம் அறுந்து, உருண்டை கீழே விழுந்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். துணி பார்க்கச் சுத்தமாக இருக்கும். போனதெல்லாம் சலவை நீருக்குப் போயிருக்கும். ஆகவே பில்லிங் அறிக்கையை வைத்து நுண்ணிழையைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது. அதற்கென்று தனிச் சோதனை வேண்டும்.

பஞ்சு முகம் எந்தப் பக்கம் வேண்டும்?

ஃபிளீஸ் வெதுவெதுப்பாக இருப்பது அதில் சிக்கி நிற்கும் காற்றால். அந்தக் காற்றைப் பிடிக்க இருபுறமும் கீறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆலையிடம் மூன்று மாற்றுகளைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, உள்பக்கம் மட்டும் பஞ்சு, வெளிப்பக்கம் கீறாத ஃபிலமென்ட் பின்னல். இரண்டு, கண்ணிகளை அறுக்காமல் டவல்போல் அப்படியே விட்ட துணி. நுனிகள் உண்டாவதில்லை, ஆனால் கண்ணி எதிலாவது மாட்டி இழுபடும் என்பதால் பையும் முதுகுப்பட்டையும் உரசும் இடங்களுக்கு உதவாது. மூன்று, பஞ்சடைப்பை இரண்டு நெருக்கமான ஃபிலமென்ட் நெசவுத் துணிகளுக்கு நடுவே மூடி வைப்பது. மூன்றாவது வழியில் அது ஃபிளீஸ் மேலாடையாகவே இருக்காது. வாங்குபவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் எடுத்துக்காட்டு ஆடைக்கு முதல் மாற்றுதான் பொருத்தம். தோற்றம் சற்று மாறும், வெதுவெதுப்பில் கொஞ்சம் குறையும். அதை ஈடுகட்டப் பஞ்சின் உயரத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். நீண்ட பஞ்சில் நீண்ட இழை தளர்ந்து நிற்கும். பஞ்சை நெருக்கமாக்கச் சொல்லுங்கள்.

வெட்டு ஓரம்: நம் கையில் இருப்பது

நூலையும் முகப்பையும் ஆலைதான் செய்கிறது. ஓரம் முழுக்க வடிவமைப்பாளரின் பொறுப்பு. சுவிட்சர்லாந்தில் 2020-ல் யாப்பிங் சாய் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கத்தரியால் வெட்டிய பாலியஸ்டர் துண்டுகள் லேசரால் வெட்டியவற்றைவிட 3 முதல் 31 மடங்கு வரை அதிக இழைகளை விட்டன. லேசரின் சூட்டில் பாலியஸ்டர் நுனிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கத்தரி அவற்றைத் திறந்தபடி விடுகிறது.

படித்ததும் ‘எல்லாவற்றையும் லேசரில் வெட்டிவிடலாம்’ என்று தோன்றும். தையல் மேசைக்குப் போகும்போதுதான் சிக்கல் வரும். ஓவர்லாக் இயந்திரத்தில் ஒரு கத்தி உண்டு. தைத்துக்கொண்டே ஓரத்தைச் சீவித் தள்ளும். லேசரில் செலவழித்து மூடிய ஓரத்தை அந்தக் கத்தி சில நொடிகளில் சீவி எறிந்துவிட்டு, புதிதாக ஒரு திறந்த ஓரத்தை உண்டாக்கும். அறிக்கையில் ‘லேசர் வெட்டு’ என்றிருக்கும், ஆடையில் அதன் பலன் இருக்காது. எனவே லேசர் அல்லது அல்ட்ராசோனிக் வெட்டு என்று எழுதும் அதே குறிப்பில் ‘ஓவர்லாக் கத்தியை விலக்கித் தைக்கவும்’ என்றும் எழுதுங்கள். தையல் விளிம்புக்கு விட்ட அளவிலிருந்து சீவும் பங்கைக் கழித்து வடிவத்தையும் திருத்த வேண்டும். இல்லையென்றால் ஆடை சில மில்லிமீட்டர் பெருத்துவிடும்.

மற்ற வரம்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். உருகிய ஓரம் காய்ந்ததும் கெட்டிப்படும், கழுத்திலும் மணிக்கட்டிலும் உறுத்தும். அதிகம் இழுபடும் துணியில் அந்தக் கெட்டி வரி வெடிக்கலாம். பல அடுக்குத் துணியை ஒரே தடவையில் சூட்டால் வெட்டினால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். பருத்தி கலந்த துணியில் பருத்தி உருகாது, கருகும்.

லேசர் இல்லாத இடத்தில் ஓரத்தை மூடுங்கள். ஃபிலமென்ட் நெசவு நாடாவால் ஓரத்தைச் சுற்றிக் கட்டுவதும், ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடுவதும் நுனிகளை அழிப்பதில்லை. ஆனால் உரசலிலிருந்து மறைக்கின்றன, அறுந்த இழை வெளியேறும் பாதையையும் அடைக்கின்றன. ஓவர்லாக் மட்டும் போட்டுத் திறந்தபடி விடுவதே மிக மோசம்.

ஓரத்தின் நீளத்தையே குறைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. 60 செ.மீ. தையல் ஒன்று 120 செ.மீ. வெட்டு ஓரத்தைக் கொண்டுவருகிறது, ஏனென்றால் இரண்டு பக்கத் துண்டுகளுக்கும் ஆளுக்கொரு ஓரம். அலங்காரத்துக்காக வைத்த பக்கவாட்டுத் துண்டுகளை எடுத்துவிட்டு இரண்டு தையலை மிச்சப்படுத்தினால் 2.4 மீட்டர் ஓரம் போகிறது.

சோதித்துப் பார்ப்பது எப்படி

இதற்குத் தரப்படுத்திய முறைகள் உண்டு: ஐ.எஸ்.ஓ. 4484-1, ஏ.ஏ.டி.சி.சி. டி.எம். 212. வாங்குபவருக்குக் காட்ட வேண்டிய அறிக்கைக்கு அவற்றைச் செய்யும் ஆய்வகத்தையே நாடுங்கள். ஆனால் ஐந்து துணிகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க, சாயச்சாலையில் சாயம் போகிறதா என்று பார்க்கும் சுழல் சலவைச் சோதனைக் கருவியே போதும். கூடவே 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும். சமையலறைத் தராசை நினைக்கவே வேண்டாம். நாம் அளக்கப்போவது மொத்தமே இரண்டு மூன்று மில்லிகிராம்.

ஒரே துணிச்சுருளில் கரையிலிருந்து 10 செ.மீ. தள்ளி, ஒரே கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள். முதல் மாதிரி 20×20 செ.மீ. ஒற்றைத் துண்டு. இரண்டாவது மாதிரி 10×10 செ.மீ. துண்டுகள் நான்கு. இரண்டுக்கும் பரப்பு 400 சதுர செ.மீ., எடை 10 கிராம். ஆனால் முதலாவதில் ஓரம் 80 செ.மீ., இரண்டாவதில் 160 செ.மீ. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஓரத்தையும் முகப்பையும் பிரிக்கப்போகிறோம். ஒவ்வொன்றிலும் நான்கு மாதிரிகளாவது தேவை.

பாத்திரத்தில் வடிகட்டிய நீர் 350 மில்லி, 6 மி.மீ. எஃகுக் குண்டுகள் 50, சூடு 40 பாகை, நேரம் 45 நிமிடம். சலவைத்தூள் சேர்க்காதீர்கள், அதில் கரையாமல் நிற்கும் துகள்கள் வடிதாளை அடைத்து எடையையும் கூட்டும். முடிந்ததும் துணியையும் குண்டுகளையும் மூடியையும் அலசி அந்த நீரையும் சேர்த்து, முன்பே உலர்த்தி எடைபோட்ட கண்ணாடி இழை வடிதாளில் உறிஞ்சு பம்பு வைத்து வடியுங்கள். துளை அளவு 1.6 மைக்ரான். சாதாரண வடிதாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை ஏறும்; அந்த ஏற்றமே உங்கள் விடையைவிடப் பெரிதாகிவிடக்கூடும். வடித்த தாளை 50 பாகையில் உலர்த்தி, ஈரமகற்றும் கூண்டில் ஆறவிட்டு எடைபோடுங்கள்.

துணியே போடாமல் நீரை மட்டும் வைத்து ஒரு சுற்று ஓட்டுவதைத் தவறவிடாதீர்கள். அதில் என்ன எடை வருகிறதோ அது உங்கள் அறையின் தூசியும் உங்கள் சட்டையின் நாரும். எல்லா விடைகளிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். ஒரே துணியின் நான்கு மாதிரிகளுக்குள் விடை இரண்டு மடங்கு வேறுபட்டால் துணியைக் குறை சொல்லும் முன் அலசிய முறையைப் பாருங்கள். பெரும்பாலும் மூடியிலோ குண்டுகளிலோ நார் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

கணக்கைக் காட்ட மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒற்றைத் துண்டில் 2.4 மில்லிகிராம், நான்கு துண்டுகளில் 3.6 மில்லிகிராம் வந்ததாக வையுங்கள். கூடுதலான 1.2 மில்லிகிராம் கூடுதலான 80 செ.மீ. ஓரத்திலிருந்து வந்தது; செ.மீ.க்கு 0.015 மில்லிகிராம். ஒற்றைத் துண்டின் 80 செ.மீ. ஓரமும் அதே 1.2-ஐத் தந்திருக்கும், மீதி 1.2 முகப்பிலிருந்து. இனி ஆடைக்குப் போவோம். முகப்பு 15,000 சதுர செ.மீ., ஆகவே 45 மில்லிகிராம். வெட்டு ஓரங்களைச் சேர்த்து 20 மீட்டர் என்றால் 30 மில்லிகிராம். மொத்தம் 75. கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பதால், மேலே சொன்ன வீச்சுக்குள்தான் நிற்கிறது.

இந்தப் பிரிப்பு எங்கே பணம் போடலாம் என்று காட்டிவிடுகிறது. பக்கவாட்டுத் துண்டுகளை எடுத்தால் 2.4 மீட்டர் ஓரம், அதாவது 3.6 மில்லிகிராம்தான் குறையும். ஓரங்களை முழுதாக மூடிவிட்டால் கூடியபட்சம் 30. வெளிப்பக்கம் கீறாத துணிக்கு மாறினால் 45-ல் கணிசமான பங்கு போகலாம். எவ்வளவு என்பதைப் புதுத் துணியைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். துணியின் ஓரம் பத்து மடங்கு கொட்டுவதாக இருந்தால் வரிசை தலைகீழாகும். இன்னொன்று: ஆடையில் 100 சதுர செ.மீ.க்கு ஓரம் 13 செ.மீ. அளவில்தான், 10×10 துண்டில் அது 40. பிரிக்காமல் வெறும் துண்டுச் சோதனையை நம்பினால் ஓரத்தின் பங்கை மூன்று மடங்கு ஊதிப் பார்த்துவிடுவீர்கள்.

ஆலையிலும் வீட்டிலும்

கத்தரித்தபின் துணியை உறிஞ்சு கருவியில் ஓட்டித் தூளை எடுப்பதும், தைப்பதற்கு முன் ஒருமுறை துவைப்பதும் அந்த முதல் துவைப்பு உச்சத்தை ஆலையிலேயே முடித்துவிடும். ஆனால் ஆலையில் கழிவுநீரை வடிக்க ஏற்பாடு இல்லாவிட்டால் நார் வீட்டுக்குப் பதிலாக ஆலையிலிருந்து போகிறது, அவ்வளவுதான். வடிந்த கசடை எங்கே கொட்டுகிறார்கள் என்றும் சேர்த்தே கேளுங்கள். மேற்பூச்சு போட்டால் நார் நிற்கும் என்று யாராவது விற்க வந்தால், பத்துத் துவைப்புக்குப் பிறகான அளவீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பூச்சு எதனால் ஆனது என்பதையும் விசாரியுங்கள். அதுவே பிளாஸ்டிக்காக இருந்து உரிந்து வந்தால் நார் போய்ச் செதில் வந்த கதையாகும்.

துவைப்புக் குறிப்பில் ‘மென்மையான துவைப்பு’ என்று எழுதுவது பழக்கம். நுண்ணிழையைப் பொறுத்தவரை அது தவறாகப் போகலாம். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 2019-ல் செய்த ஆய்வில், துணிக்கு நீர் அதிகமாகப் பிடிக்கும் மென்மைச் சுற்றில்தான் கூடுதல் நார் வந்தது. உருளை சுற்றும் வேகத்தைவிட நீரின் அளவே முக்கியமாக இருந்தது. நார்த்தம்பிரியா பல்கலைக்கழகம் தொடர்புடைய 2020 ஆய்வில் 40 பாகை 85 நிமிடச் சுற்றோடு ஒப்பிட்டால் 15 பாகை 30 நிமிடச் சுற்றில் சுமார் 30 சதவீதம் குறைந்தது. எனவே குறிப்பில் ‘குளிர்ந்த நீர், குறுகிய சுற்று, இயந்திரம் நிறையும் அளவு துணி, கொடியில் உலர்த்தவும்’ என்று எழுதுங்கள். நார் பிடிக்கும் பையோ வடியோ பயன்படுத்துபவருக்கு இன்னொரு வரியும் வேண்டும்: சேர்ந்த நாரைக் கையால் எடுத்துக் குப்பையில் போடவும், குழாயடியில் கழுவ வேண்டாம்.